புகார்க் கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு என்ன அத்தாட்சி? மின்னஞ்சலா, பதிவுத் தபாலா, நேரில் கொடுப்பதா?

என் சித்தப்பா 2025 அக்டோபர் 6, திங்கட்கிழமை வீட்டுக் கடனின் கடைசிப் பாக்கியைக் கட்டி முடித்தார். தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரைபடம் என்று மொத்தம் பதினொரு ஆவணங்கள் வங்கியிடம் இருந்தன. கிளையில் கேட்டபோது, "ஒரிஜினல் எல்லாம் சென்னையில இருக்கு சார், வந்ததும் போன் பண்றோம்" என்றார்கள். அவரும் நம்பி வந்துவிட்டார். அப்புறம் இரண்டு முறை போய்ப் பார்த்தார். இரண்டு முறையும் அதே பதில்தான்.

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஒரு விதி போட்டது. கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் அசல் சொத்து ஆவணங்கள் எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிட வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்தின் காரணமாகத் தாமதமானால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும். சித்தப்பாவுக்கு அந்த 30 நாள் நவம்பர் 5-ஆம் தேதி முடிந்தது. அதன் பிறகும் பத்திரம் வரவில்லை. என்னிடம் சொன்னபோது நான் கேட்டது ஒன்றுதான்: "சித்தப்பா, நீங்க மூணு தடவை போய்க் கேட்டதுக்கு ஏதாவது காகிதம் இருக்கா?" இல்லை. ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

இந்தக் கட்டுரை அந்தக் காகிதத்தைப் பற்றியது. வங்கி, நிதி நிறுவனம் போன்ற இடங்களுக்கு முதல்முறையாகப் புகார் எழுதுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் பார்த்துவிடலாம். வங்கி நம் புகாரைத் தீர்க்காவிட்டால் அடுத்த படி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்புட்ஸ்மேன். அவரிடம் நேராகப் போக முடியாது. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அதை வங்கி நிராகரித்திருக்க வேண்டும், அல்லது அரைகுறையாகத் தீர்த்திருக்க வேண்டும், அல்லது வங்கிக்குப் புகார் கிடைத்து 30 நாளாகியும் பதில் வராமல் இருந்திருக்க வேண்டும். கவனியுங்கள்: நாம் எழுதிய நாளிலிருந்து கணக்கு ஓடுவதில்லை, அவர்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து ஓடுகிறது. 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் இன்னொரு விளக்கமும் உண்டு. எழுத்துப்பூர்வமான புகார் என்பதில் வேறு வழிகளில் கொடுத்த புகாரும் அடங்கும், ஆனால் கொடுத்ததற்கான சான்றைப் புகார்தாரர் காட்ட வேண்டும். ஆகவே எந்த வழியில் அனுப்பினாலும் சரிதான், அத்தாட்சி மட்டும் நம் கையில் இருக்க வேண்டும்.

ஒரே கடிதம்

மூன்று வழியில் அனுப்பினாலும் கடிதம் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரே தேதி, ஒரே வாசகம், ஒரே இணைப்புப் பட்டியல். மின்னஞ்சலில் ஒரு மாதிரியும் தபாலில் ஒரு மாதிரியும் எழுதினால் எது உண்மையான புகார் என்ற கேள்வி வரும்.

பெறுநராக ஆள் பெயரைப் போடாதீர்கள், பதவியைப் போடுங்கள். கிளை மேலாளர் என்றோ, வங்கியில் புகார்களைக் கவனிக்கும் முதன்மை நோடல் அதிகாரி என்றோ எழுதினால் போதும். நோடல் அதிகாரியின் முகவரியும் மின்னஞ்சலும் வங்கியின் இணையதளத்தில் குறைதீர்ப்புப் பக்கத்தில் இருக்கும், கிளையின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருப்பார்கள். ஆள் பெயர் போட்டு அவர் மாற்றலாகிப் போயிருந்தால், பதிவுத் தபால் திரும்பி வந்துவிடக்கூடும்.

கடிதத்தின் கடைசியில் இணைப்புகளை எண் போட்டு, ஒவ்வொன்றும் எத்தனை பக்கம் என்று எழுதுங்கள். சித்தப்பா கடிதத்தில், "இணைப்பு 1: கடன் முடிந்ததற்கான சான்று, 1 பக்கம். இணைப்பு 2: வங்கியிடம் ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியல், 2 பக்கம்" என்று போட்டோம். எல்லாம் நகல்தான். அசல் எதையும் எந்த வழியிலும் புகாரோடு சேர்க்க வேண்டாம்.

மின்னஞ்சல்

வேகம்தான் இதன் பலம். ஒரு சில புகார்களில் வேகம் மட்டுமே முக்கியம். உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்று வையுங்கள். 2017-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, தவறு வங்கியுடையதும் இல்லை, நம்முடையதும் இல்லை என்கிற நிலையில், வங்கியின் குறுஞ்செய்தி வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பு கிடையாது. அப்படிப்பட்ட நேரத்தில் தபால் ஆபீஸ் வாசலில் நிற்பது வீண். வங்கியின் உதவி எண்ணுக்கும் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கும் உடனே போன் செய்துவிட்டு, அடுத்த ஐந்து நிமிடத்தில் மின்னஞ்சல் போட்டுவிட வேண்டும்.

மின்னஞ்சல் 'சேர்ந்தது' என்று எப்போது சொல்ல முடியும்? 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 13-ஆம் பிரிவில் இதற்குப் பதில் சொல்கிறது. பெறுகிறவர் இந்த முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒன்றைக் குறித்துக் கொடுத்திருந்தால், அந்த முகவரியின் கணினிக்குள் நம் அஞ்சல் நுழைந்த கணமே கிடைத்ததாகக் கணக்கு. அவர் திறந்து படித்தாரா என்பது வேறு விஷயம். ஆனால் அதை விட்டுவிட்டு வேறொரு முகவரிக்கு அனுப்பினால், அவர் எடுத்துப் பார்க்கும்போதுதான் கிடைத்ததாக ஆகும். இதனால்தான் மேலாளர் தன் விசிட்டிங் கார்டில் கொடுத்த முகவரிக்கு மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. இணையதளத்தில் புகாருக்கென்று போட்டிருக்கும் முகவரி 'பெறுநர்' இடத்தில் இருக்க வேண்டும். மேலாளருக்குப் பிரதி போகட்டும்.

வங்கியில் பதிவு செய்திருக்கும் உங்கள் மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள். வேறு முகவரியிலிருந்து போனால், 'பதிவான முகவரியிலிருந்து எழுதவும்' என்று பதில் வந்து நாள் வீணாகும். கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக இணையுங்கள். அதே வாசகத்தை அஞ்சலின் உடலிலும் ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் சில வங்கிகளின் பாதுகாப்பு வடிகட்டி இணைப்பைக் கழற்றிவிடும். கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்புகள்தான் இதில் அதிகம் மாட்டும். முழுக் கணக்கு எண்ணுக்குப் பதில் கடைசி நான்கு இலக்கம் போதும். ஓடிபி, பின் போன்றவை எந்தப் புகாரிலும் வரவே கூடாது.

அனுப்பிய சில நிமிடத்தில் தானியங்கிப் பதில் ஒன்று புகார் எண்ணோடு வரும். அதுதான் மின்னஞ்சலின் அத்தாட்சி. அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அது வராவிட்டால் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். `Mail Delivery Subsystem` என்ற பெயரில் ஒன்று வந்திருந்தால் அஞ்சல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். முகவரியில் பிழை இருக்கலாம், இணைப்பு பெரிதாக இருக்கலாம். சரிசெய்து அன்றைக்கே மறுபடி அனுப்புங்கள். இரண்டும் வரவில்லை என்றால் சேர்ந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போது தபால் கட்டாயம்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு படம், அவ்வளவுதான். ஜிமெயிலில் அந்த அஞ்சலைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் `Show original`, `Download message` என்று இரண்டு இருக்கும். கணினியில் செய்வது எளிது. இரண்டாவதை அழுத்தினால் `.eml` கோப்பு இறங்கும். நேரம், அனுப்புநர், அந்த அஞ்சலுக்கே உரிய `Message-ID` எல்லாம் அதற்குள் இருக்கும். நீங்கள் அனுப்பியதையும் வங்கியிலிருந்து வந்த தானியங்கிப் பதிலையும் இப்படி இறக்கி வையுங்கள். அசல் அஞ்சலை அழிக்காதீர்கள். நுகர்வோர் ஆணையம், நீதிமன்றம் என்று போனால் மின்னணுப் பதிவின் அச்சுப்படியோடு ஒரு சான்றிதழும் கேட்பார்கள். அசல் பெட்டியில் இருந்தால் அதைக் கொடுப்பதில் சிக்கல் இல்லை.

பதிவுத் தபால்

பெயர் எல்லோர் வாயிலும் 'ரிஜிஸ்டர் போஸ்ட்' தான். ஆனால் அஞ்சல் துறை 2025-ல் அதைத் தனிச் சேவையாக வைக்காமல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் கட்டணத்தில், ஸ்பீட் போஸ்ட்டின் மேல் கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கொடுத்தால் 'பதிவு' சேர்த்துக்கொள்ளலாம். பதிவு சேர்த்தால் முகவரியில் இருப்பவருக்கோ அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோதான் கொடுப்பார்கள். 50 கிராம் வரை உள்ள கவர் வெளியூருக்கு 47 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆகவே கவுன்டரில், "ஸ்பீட் போஸ்ட், ரிஜிஸ்ட்ரேஷன் சேர்த்து, டெலிவரிக்கான அத்தாட்சியும் வேணும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் வெறும் ஸ்பீட் போஸ்ட்டாகப் போட்டுவிடுவார்கள்.

அந்த 5 ரூபாயை ஏன் விடக்கூடாது? 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், 27-ஆம் பிரிவு, சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் வழக்கமாகத் தபால் சேரும் நேரத்தில் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. இது ஒரு சட்டம் தபாலில் அனுப்பலாம் என்று சொல்லும் அறிவிப்புகளுக்கானது, ஆனால் பதிவுத் தபாலுக்கு எங்கும் இருக்கும் மதிப்பு இதிலிருந்து வருவதுதான். அங்கே எழுதியிருப்பது 'பதிவு' என்ற சொல். தனியார் கூரியருக்கு இந்த அனுமானம் கிடையாது. அதனால் நிதிப் புகாரை நான் கூரியரில் அனுப்பச் சொல்வதில்லை.

கவுன்டரை விட்டு நகரும் முன் ரசீதைப் படியுங்கள். 13 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு எண் இருக்கும், முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, கடைசியில் `IN`. கீழே பெறுநர் பெயரும் பின்கோடும் அச்சாகியிருக்கும். பின்கோடு ஓர் இலக்கம் தவறியிருந்தாலும் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். அந்த ரசீது வெப்பத்தாளில் அச்சாவது. சட்டைப்பையில் வைத்தால் ஒரு கோடைக்குள் வெள்ளைத் தாளாகிவிடும். அன்றே நகல் எடுங்கள்.

மூன்று நான்கு நாள் கழித்து இந்தியா போஸ்ட் தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். `Item Delivered` என்று தேதியோடு வந்ததும் அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பழைய எண்ணுக்குத் தளத்தில் ஒன்றும் வராது. கவர் திரும்பி வந்தால் மேலே தபால்காரர் எழுதியிருக்கும் குறிப்பைப் படியுங்கள். முகவரி தவறு என்றால் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். வாங்க மறுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தால், அந்தக் கவரைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஒட்டியது ஒட்டியபடி, முத்திரையோடு இருப்பதுதான் அத்தாட்சி.

தபாலுக்கு ஒரு பலவீனம் உண்டு, பலருக்கும் இது தெரிவதில்லை. கவர் சேர்ந்தது என்றுதான் தபால் துறை சொல்லும். உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது. 'கவர் வந்தது, உள்ளே வெறும் தாள்தான் இருந்தது' என்று எதிர்த்தரப்பு சொன்னால்? இதற்கு நாங்கள் கண்ட வழி எளிது. தபாலைப் போட்டதும், ஏற்கெனவே அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலாகவே இரண்டு வரி எழுதினோம்: 'இதே கடிதம் இன்று ஸ்பீட் போஸ்ட்டில், பதிவு சேர்த்து, இந்த எண்ணில் அனுப்பப்பட்டுள்ளது.' கூடவே ரசீதின் படம். இப்போது மின்னஞ்சல் கவரின் உள்ளடக்கத்துக்குச் சாட்சி, கவர் மின்னஞ்சலுக்குச் சாட்சி.

நேரில் கொடுப்பது

கிளை பக்கத்தில் இருந்தால் இதுதான் மலிவு. அதே நாளில், அதே தாளில் அத்தாட்சி கிடைத்துவிடும். கடிதத்தின் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்று அவர்களுக்கு, மற்றதில் பெறப்பட்டது என்று முத்திரை. முத்திரை மட்டும் போதாது. தேதி, வாங்கியவரின் கையெழுத்து, பணியாளர் எண் மூன்றும் வேண்டும். தேதி முத்திரையை நேற்றையதாகவே விட்டுவைத்திருப்பார்கள், அதனால் பேனாவிலும் தேதி எழுதச் சொல்லுங்கள். முத்திரை முதல் பக்கத்தில், உங்கள் கடிதத் தேதியும் பொருளும் தெரியும் இடத்தில் விழட்டும். 'உள்ளடக்கம் சரிபார்க்கப்படவில்லை' என்று சில இடங்களில் சேர்த்து எழுதுவார்கள். எழுதட்டும். கடிதம் கிடைத்தது என்பதை அது மறுக்கவில்லை.

சித்தப்பாவுக்குக் கிளையில் நடந்தது வேறு. நவம்பர் 10 காலை கடிதத்தோடு போனார். கவுன்டரில் இருந்தவர் வாங்கிப் படித்துவிட்டு, "குடுத்துட்டுப் போங்க சார், சீல் எல்லாம் போட முடியாது" என்றார். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். கொடுக்கக் கூடாது. முத்திரை இல்லாமல் கொடுத்த கடிதத்தால் நமக்கு எந்தப் பயனும் இல்லை. சண்டையும் வேண்டாம். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வந்த நேரம், எந்தக் கவுன்டர், என்ன சொன்னார்கள் என்று வெளியே வந்ததும் குறித்துக்கொள்ள வேண்டும். சித்தப்பா அதைத்தான் செய்தார். பகல் 12 மணிக்குள் மின்னஞ்சல் போனது. அதில், 'இன்று காலை 11.20-க்கு இந்தக் கடிதத்தை உங்கள் கிளையில் நேரில் கொடுக்க வந்தேன், பெற்றதற்கு ஒப்புதல் தர மறுத்தார்கள்' என்று ஒரு வரி சேர்த்தோம். மாலைக்குள் ஸ்பீட் போஸ்ட் போனது, ஒன்று கிளைக்கு, ஒன்று நோடல் அதிகாரிக்கு.

எதை எப்போது

எனக்குத் தெரிந்தவரை இதற்குச் சுருக்கமான பதில் இது. மணிக்கணக்கில் நேரம் ஓடும் மோசடி என்றால் போன், உடனே மின்னஞ்சல், மற்றது பிறகு. நாள்கணக்கில் பணம் சேரும் புகார், கையெழுத்துள்ள ஆவணம் சம்பந்தப்பட்ட புகார், எதிர்த்தரப்பு மறுக்கும் என்று தோன்றும் புகார் என்றால் மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் ஒரே நாளில். நேரில் கொடுப்பது கிளையோடு முகம் பழகியிருந்து, முத்திரை போடுவார்கள் என்று தெரிந்தால் மட்டும். இணையதளத்தில் படிவம் நிரப்பிப் புகார் கொடுப்பதும் செல்லும், ஆனால் நாம் எழுதிய வாசகம் நமக்குத் திரும்பக் கிடைக்காது. அனுப்பும் முன் நிரப்பிய படிவத்தைப் படம் பிடித்துவிட்டு, புகார் எண் வந்ததும் அதையும் படம் பிடியுங்கள்.

நினைவூட்டல் அனுப்பும்போது கவனம் வேண்டும். புதிதாக எழுதத் தொடங்காதீர்கள். முதல் மின்னஞ்சலுக்குப் பதிலாகவே, முதல் புகாரின் தேதியையும் எண்ணையும் போட்டு, இது நினைவூட்டல் என்று எழுதுங்கள். புதுப் புகார் போல எழுதினால் வங்கி புது எண் கொடுக்கும், 30 நாள் அன்றிலிருந்து என்று வாதம் வரும்.

30 நாள் முடிந்தும் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் பதியலாம். வங்கிக்குப் புகார் கொடுத்த தேதியைக் கேட்கும், அத்தாட்சியை ஏற்றச் சொல்லும். புகார் கடிதம், தானியங்கிப் பதில், தபால் ரசீது, சேர்ந்த பக்கம் இந்த நான்கும் ஒரே பிடிஎஃப் ஆக இருந்தால் பத்து நிமிட வேலை. 2021 திட்டத்தில் வங்கியின் பதில் வந்ததிலிருந்து ஓராண்டு அவகாசம் இருந்தது. திட்டம் திருத்தப்படும்போது அவகாசமும் மாறும், அதனால் பதியும் நாளில் நடப்பில் இருப்பதைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இணையம் வேண்டாம் என்றால் சண்டிகரில் ரிசர்வ் வங்கியின் புகார் பெறும் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். கடன் கொடுத்தது வங்கி அல்ல, வீட்டு வசதி நிதி நிறுவனம் என்றால் 2021 திட்டம் அதைத் தொடாது. தேசிய வீட்டு வசதி வங்கியிடம் போக வேண்டும். அங்கேயும் கேட்பது இதே அத்தாட்சிகளைத்தான்.

சித்தப்பாவுக்குக் குறைதீர்ப்பாளர் வரை போக வேண்டிய தேவை வரவில்லை. நோடல் அதிகாரிக்குத் தபால் சேர்ந்த பிறகு வேலை நடந்தது. நவம்பர் 25 அன்று பத்திரங்கள் வந்தன. நவம்பர் 6 முதல் 25 வரை 20 நாள் தாமதம், கணக்குப்படி 1,00,000 ரூபாய். ஆனால் வங்கி 75,000 ரூபாய்தான் கொடுத்தது. 'தீபாவளிக்கு முன்பே போன் செய்தோம், வாடிக்கையாளர் வந்து கேட்கவில்லை, அவர் எழுத்தில் கேட்டது நவம்பர் 10-ல் தான்' என்றது கிளை. அப்படி ஒரு போன் வரவே இல்லை என்கிறார் சித்தப்பா. மூன்று முறை போனதற்குக் காகிதம் இல்லாததால், நவம்பர் 6 முதல் 10 வரையான ஐந்து நாளுக்கு அவர் சொல்லுக்கு எதிராக அவர்கள் சொல். அந்த 25,000-க்காக இன்னொரு ஆண்டு அலைய அவருக்கு மனமில்லை. விதிப்படி கேட்டாலும் கேட்காவிட்டாலும் தர வேண்டியது அவர்கள் கடமை, ஆகவே அதை விட்டிருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

பத்திரங்களை வாங்கிய அன்று கிளையில் ஓர் அச்சிட்ட படிவத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார்கள். தேதி இடம் காலியாக இருந்தது. இது அவர்கள் பக்கத்து அத்தாட்சி. தாமத நாள் எங்கே முடிகிறது என்று இதுதான் சொல்லும். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பட்டியலில் இருந்த பதினொன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்து, கையெழுத்துக்குக் கீழே '25.11.2025, பகல் 12.40, 11 ஆவணங்கள் பெற்றேன்' என்று தன் கையால் எழுதினார். பிறகு அந்தத் தாளின் நகல் ஒன்று கேட்டு, அதில் கிளை முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.